வீட்டுக்கென்று ஒரு விலைக் குறியீடு: 0.88 எப்படி 2.9 ஆகிறது

2025 அக்டோபர் மாதத்தின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று மத்திய புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் அவ்வளவு குறைந்த எண் அதற்கு முன் வந்ததில்லை. வாடகை ஏறி, ஜூனில் பள்ளிக்குக் கூடுதலாகக் கட்டிய குடும்பங்களுக்கு அந்தச் செய்தி எரிச்சலைத்தான் தந்திருக்கும். அந்த எண் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்துவிட்டு, அதே முறையில் ஒரு வீட்டுக்குக் குறியீடு போட்டால், வித்தியாசம் எந்த வரியிலிருந்து வருகிறது என்று காசு சுத்தமாகச் சொல்லிவிடலாம். ஒரு நோட்டும் ஒரு ஷீட்டும் போதும்.

முதலில் எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். 0.25 என்பது கிராமமும் நகரமும் சேர்ந்தது. அந்த மாதம் கிராமப்புறம் மட்டும் மைனஸ் 0.25, நகர்ப்புறம் 0.88. நகரத்துக் குடும்பம் 0.88-ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மாநில வாரியான எண்களும் அதே அறிக்கையில் உண்டு. முடிந்தால் தமிழ்நாடு நகர்ப்புறத்தை எடுப்பது இன்னும் நல்லது. இங்கே அகில இந்திய நகர்ப்புற எண்ணையே எடுத்துக்கொள்கிறோம். 2026 பிப்ரவரியிலிருந்து 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதுத் தொடர் வந்துவிட்டது. கீழே வரும் எடைகள் பழைய தொடருடையவை, செய்முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அரசின் கூடை

கூடை கட்டுவது கடையில் தொடங்குவதில்லை, வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. 2012 தொடருக்கு 2011 ஜூலை முதல் 2012 ஜூன் வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 68-வது சுற்று அடித்தளம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் என்ன வாங்கினீர்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டார்கள். மொத்தச் செலவில் ஒவ்வொரு பொருளுக்கும் போன பங்குதான் அதன் எடை. நகர்ப்புறக் கூடையில் உணவும் பானமும் 36.29, வீட்டு வாடகை 21.67, துணியும் செருப்பும் 5.57, எரிபொருளும் மின்சாரமும் 5.58, புகையிலை, வெற்றிலை, மது வகை 1.36. கல்வி, மருத்துவம், போக்குவரத்து உள்ளிட்ட மற்றவை எல்லாம் சேர்ந்து 29.53. அந்தத் தொடரின் கிராமக் கூடையில் வாடகைக்கு எடையே கிடையாது. உணவு மட்டும் 54.18.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த எடை குடும்பங்களின் சராசரி அல்ல, ரூபாய்களின் சராசரி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஓட்டு என்றில்லாமல், செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ஓட்டு. மாதம் ஒரு லட்சம் செலவழிக்கும் வீட்டுக்குப் பத்தாயிரம் செலவழிக்கும் வீட்டைப்போலப் பத்து மடங்கு குரல். ஆகவே வெளியிடப்படும் எண்ணின் எடைகள் வசதியான வீட்டின் கூடைப் பக்கமே சாய்ந்திருக்கும்.

எடை முடிவானபின் விலை எடுக்கிறார்கள். 2012 தொடருக்கு 310 நகரங்களில் 1,114 சந்தைகள், 1,181 கிராமங்களில் எடுத்தார்கள். ஒவ்வொரு கடையிலும் எந்த ரகம், எந்த அளவு என்று குறித்துவைத்து, மாதாமாதம் அதே ரகத்துக்கு அதே கடையில் விலை கேட்பார்கள். ரகம் கடையிலிருந்து மறைந்துவிட்டால் பதிலுக்கு இன்னொன்றைப் பிடித்து, இரண்டின் விலை வித்தியாசம் ஏற்றமாகப் பதிவாகாதபடி சரிசெய்வார்கள். பிறகு ஒவ்வொரு பொருளின் விலை ஏற்றத்தையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டுவார்கள். அடிப்படை ஆண்டின் கூடையை அப்படியே வைத்துக்கொண்டு விலையை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்த முறைக்கு லாஸ்பியர் முறை என்று பெயர்.

அளவு மாறக்கூடாது என்பதுதான் இதில் உயிர்நாடி. போன வருஷம் மாதம் 38,000 செலவானது, இந்த வருஷம் 44,000 ஆகிறது, ஆகவே என் பணவீக்கம் 16 சதவீதம் என்று சொல்பவர்கள் கணக்கிடுவது செலவு உயர்வை. அதில் பையனுக்குப் புதிதாகச் சேர்த்த டியூஷனும், இரண்டாவது ஏசியும், ஊருக்குப் போய்வந்த இரண்டு பயணங்களும் கலந்திருக்கும்.

வீட்டின் எடையை எடுப்பது

கணக்கெடுப்பில் எல்லாப் பொருளுக்கும் ஒரே காலத்தைக் கேட்பதில்லை. காய், பழம், மீன், இறைச்சி, முட்டை, எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள். அரிசி, பருப்பு, பால், வாடகை, சிலிண்டர் போன்றவற்றுக்கு 30 நாள். துணி, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரியில் படுத்த செலவு, ஃப்ரிட்ஜ், மிக்சி போன்றவற்றுக்கு 365 நாள். வீட்டுக்கும் இதையே கடைப்பிடிக்கலாம். ஒரு மாதத்து வங்கிக் கணக்கையும் யூபிஐ வரலாற்றையும் மட்டும் பார்த்து எடை போட்டால் நிச்சயம் தப்பும்: ஜூன் மாதத்தை எடுத்தால் வீடே பள்ளிக்கூடத்துக்காக நடப்பதுபோல் இருக்கும், ஐப்பசியை எடுத்தால் துணிக்கடைக்காக. ஆண்டுச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

எதைச் சேர்க்கக்கூடாது என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். வீட்டுக் கடன் தவணை, சீட்டுப் பணம், எல்.ஐ.சி. பிரீமியம், வருமான வரி, வீட்டு அட்வான்ஸ், கல்யாணத்துக்கு வைத்த மொய் இவையெல்லாம் கையைவிட்டுப் போன பணம்தான், ஆனால் பொருளோ சேவையோ வாங்கிய விலை இல்லை. நகை சேரும், அரசின் கூடையிலும் தங்கம் இருக்கிறது. பள்ளி வேன் கட்டணத்தைக் கல்வியில் போடாமல் போக்குவரத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் அரசு எண்ணோடு வரிக்கு வரி ஒப்பிடும்போது இரண்டு வரிகளும் கோணலாகும்.

ரேஷன் அரிசி வாங்கும் வீட்டில் அதற்கு எடை பூஜ்ஜியம். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அது இலவசம். மாதம் 20 கிலோ ரேஷன் அரிசியில் பாதிச் சமையல் ஓடும் வீட்டுக்குப் பொன்னி கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் பாதிதான் உறைக்கும். பக்கத்து வீட்டில் ரேஷனுக்கே போகாதவர்களுக்கு முழுசாக உறைக்கும். வருமானம் ஒன்றாக இருந்தாலும் அரிசியின் எடை வேறு.

விலை நோட்டு

எடையில் பெரிய இருபது, முப்பது பொருள்களுக்கு மட்டும் விலை எடுத்தால் போதும். உப்பு, தீப்பெட்டி எல்லாம் எழுதி நோட்டை நிரப்பினால் மூன்றாம் மாதம் சலித்துப் போய் விட்டுவிடுவீர்கள். சின்னப் பொருளின் எடையை அதன் இனத்திலுள்ள பெரிய பொருளின் தலையில் ஏற்றிவிடலாம். அரசும் அப்படித்தான் செய்கிறது.

எழுதும் முறையில்தான் பிழைகள் நுழையும். "துவரம்பருப்பு 160" என்று எழுதினால் அடுத்த மாதம் ஒப்பிட முடியாது. "துவரம்பருப்பு, உடைத்தது, சில்லறை, ஒரு கிலோ, தெருமுனை மளிகை, 160" என்று எழுத வேண்டும். பாக்கெட் சாமானுக்கு நூறு கிராம் விலையை எழுதுங்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பத்து ரூபாயாகவே இருக்கும். எடை 60 கிராமிலிருந்து 52 ஆகியிருந்தால் விலை 15 சதவீதம் ஏறியிருக்கிறது. காய்கறிக்கு மாதத்தின் ஒரே வாரத்தில், ஒரே நேரத்தில் எழுதுவது முக்கியம். உழவர் சந்தையில் காலை ஆறு மணி விலையும் பத்து மணி விலையும் வேறு.

நோட்டில் அதிகம் சொதப்பும் வரி மின்சாரம். காரணம், அதற்கு ஒற்றை விலை கிடையாது, ஸ்லாப் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் ஏறியதை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு 170 ரூபாய் பில் 225 ஆனது: 32 சதவீதம். 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு 830 போய் 1,125: 36 சதவீதம். 500 யூனிட் வீட்டுக்கு 1,130 போய் 1,725: 53 சதவீதம். 100 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு அன்றும் இன்றும் பூஜ்ஜியம். ஒரே நாளில், ஒரே ஆணையில் ஏறிய கட்டணம் நான்கு வீடுகளில் நான்கு விதம்.

இதே வரியில் இன்னொரு கண்ணி. அந்தப் புதுக் கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725. 501 ஆனால் நடு ஸ்லாப் சலுகை போய் 1,958. கோடையில் ஒரு யூனிட் தாண்டி பில் 233 ரூபாய் எகிறினால் அது விலை ஏற்றம் இல்லை, உபயோகத்தின் அளவு மாறியது. குறியீட்டுக்கு பில் தொகையை எழுதக்கூடாது. அடிப்படை ஆண்டில் எத்தனை யூனிட் ஓடியதோ அதே யூனிட்டைப் பழைய கட்டண அட்டையிலும் புதிய அட்டையிலும் போட்டு, இரண்டு தொகைகளின் விகிதத்தை எழுத வேண்டும்.

கணக்கு

ஒரு நகரத்து வாடகை வீட்டுக் குடும்பத்தை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் விலையில் மாதச் செலவு 40,000. நகை வாங்கவில்லை. ஒப்பிடும் மாதம் 2025 அக்டோபர்.

| வரி | பழைய செலவு | விலை மாற்றம் % | ரூபாயில் |
|---|---|---|---|
| மளிகை, காய், பால், மீன், இறைச்சி | 11,200 | −3 | −336 |
| ஓட்டல், டீக்கடை | 1,600 | 6 | 96 |
| வாடகை | 12,000 | 5 | 600 |
| பள்ளி, டியூஷன், புத்தகம் | 6,000 | 10 | 600 |
| மின்சாரம், சிலிண்டர் | 1,600 | 3.1 | 50 |
| போக்குவரத்து, வேன், மொபைல் | 3,600 | 1 | 36 |
| மருத்துவம் | 2,000 | 6 | 120 |
| துணி, சோப்பு, இதர | 2,000 | 0 | 0 |

கூட்டினால் 1,166 ரூபாய்; 40,000-க்கு 2.9 சதவீதம். மின்சாரம், சிலிண்டர் வரியிலுள்ள 50 ரூபாய் முழுக்க சிலிண்டருடையது: சென்னையில் 2025 ஏப்ரலில் 818.50-லிருந்து 868.50 ஆனது. மின்கட்டணம் அந்தக் காலத்தில் வீடுகளுக்கு ஏறவில்லை. ஷீட்டில் பழைய செலவை B பத்தியிலும், புதிய விலையைப் பழைய விலையால் வகுத்த விகிதத்தை C பத்தியிலும் (மைனஸ் 3 என்றால் 0.97) வைத்து இதைப் போட்டால் குறியீடு வரும்:

```
=100*SUMPRODUCT(B2:B9,C2:C9)/SUM(B2:B9)
```

விடை 102.9. வெளியான நகர்ப்புற எண் 0.88. சுமார் இரண்டு புள்ளி இடைவெளி எங்கிருந்து வந்தது என்று இனித்தான் பார்க்க வேண்டும், நோட்டுப் போட்ட பலனே இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி. நம் எடை வேறு என்பதால் எவ்வளவு? நாம் கொடுத்த விலை வேறு என்பதால் எவ்வளவு? நம் எடையை அரசு சொல்லும் ஏற்றத்தோடு பெருக்கி நடுவில் ஒரு படியாக வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

கல்வியை எடுப்போம். நகர்ப்புறக் கூடையில் அதன் எடை 5.62, அந்த மாதம் கல்வியின் ஏற்றம் 3.49 சதவீதம். பெருக்கினால் அரசின் எண்ணில் கல்வியின் பங்கு 0.20 புள்ளி. நம் குடும்பத்தின் எடை 15; அதே 3.49-ஆல் பெருக்கினால் 0.52. நம் நோட்டில் உள்ள உண்மையான பங்கு 1.50. ஆக எடையால் வந்தது 0.32, விலையால் வந்தது 0.98. இரண்டு பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கும் வீட்டில் "எடை அதிகம், அதனால்தான்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே அந்தப் பள்ளி ஏற்றிய கட்டணமே மூன்று மடங்கு பெரிய காரணம்.

வாடகையிலும் அதே கதை. அரசு: 21.67 எடை, 2.96 ஏற்றம், 0.64 புள்ளி. நம் எடை 30-ஐ 2.96-ஆல் பெருக்கினால் 0.89. உண்மையில் 1.50. எடையால் 0.25, விலையால் 0.61. அரசு எண் ஏன் இவ்வளவு மெதுவாக ஏறியது என்றால், பழைய தொடரில் மாதிரியில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வாடகை கேட்டார்கள். பல வருஷமாகக் குடியிருந்து, வாடகை ஏறாமலே இருக்கும் பழைய குடித்தனக்காரர்களும் அந்த மாதிரியில் இருந்தார்கள். புதிதாக வீடு மாறுபவர் பார்க்கும் விலை அதில் கரைந்துவிடும்.

உணவில் அரசின் எண் மைனஸ் 5.18, எடை 29.62. இது வீட்டில் சமைக்கும் உணவு மட்டும், 36.29-இல் ஓட்டல் சாப்பாடும் பானங்களும் சேர்ந்திருந்தன. பங்கு மைனஸ் 1.53. நம் எடை 28 கிட்டத்தட்ட அதேதான், ஆகவே எடையால் வந்த வித்தியாசம் 0.08 மட்டும். ஆனால் நமக்கு 3 சதவீதம்தான் இறங்கியது, அதனால் 0.61. முந்தைய அக்டோபரில் காய்கறி விலை உச்சத்தில் இருந்தது. 2025-இல் அது விழுந்ததுதான் அரசு எண்ணைக் கீழே இழுத்தது. காயைவிடப் பாலும் மீனும் எண்ணெயும் அதிகம் வாங்கும் வீட்டுக்கு அந்த லாபம் முழுசாகக் கிடைக்கவில்லை.

மூன்று வரியையும் கூட்டினால் 2.85 வருகிறது. இடைவெளியோ 2.03 தான். அப்படியானால் எங்கோ ஒரு வரியில் அரசு எண் நம்மைவிட மேலே இருக்க வேண்டும். அது தங்கம். தனிநபர் பராமரிப்பு என்ற பிரிவில் சோப்பு, சீப்புகளோடு தங்கம், வெள்ளியும் உட்கார்ந்திருக்கின்றன. நகர்ப்புற எடை 3.47. அந்த மாதம் அந்தப் பிரிவு 23 சதவீதத்துக்கு மேல் ஏறியது, முக்கியமாகத் தங்கத்தால். அது மட்டுமே 0.8 புள்ளி. 0.88 என்ற எண்ணில் பெரும்பகுதி நகைக்கடை விலை! நகை வாங்காத நம் மாதிரிக் குடும்பத்துக்கு அது இல்லை. தையில் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

ஒரு திருத்தம்: 21.67 என்பது 2012-ஆம் ஆண்டின் பங்கு. அதற்குப்பின் வாடகை மற்றவற்றைவிட மெதுவாக ஏறியிருந்தால் இப்போதைய கணக்கில் அதன் பங்கு கொஞ்சம் குறைவாக இருக்கும். துல்லியம் வேண்டுமென்றால் எடையை, போன அக்டோபரின் வாடகைக் குறியீட்டால் பெருக்கி, அதே மாதத்தின் மொத்தக் குறியீட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். அதோடு கல்வியின் 3.49 அகில இந்திய ஏற்றம், நகரத்துக்கு மட்டும் எடுத்ததல்ல. இரண்டையும் சரிசெய்தால் இரண்டாவது தசமம் மாறும், வரிசை மாறாது.

கூடை மாறும்போது

நடுவில் சொந்த வீட்டுக்குப் போய்விட்டால் வாடகை நின்றுவிடும். அப்போது வாடகையை 100 சதவீதம் இறங்கியதாக எழுதிவிட்டால் குடும்பத்தின் பணவீக்கம் மைனஸ் இருபத்தைந்துக்கும் கீழே போய் நிற்கும். விலை எதுவும் இறங்கவில்லை, கூடைதான் மாறியது. அரசு முறையில் சொந்த வீட்டுக்கும் அதே மாதிரி வீட்டின் வாடகையைக் கற்பனையாக வைத்து எடை போடுகிறார்கள். தவணை கணக்கில் வராது. வீட்டு நோட்டில் அதைச் செய்யலாம், அல்லது வாடகை வரியையே எடுத்துவிட்டு சொத்து வரி, தண்ணீர் வரி, ரிப்பேர் செலவை மட்டும் வைக்கலாம். கையிலிருந்து போகும் காசைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டாவதே தோது.

எதைச் செய்தாலும் இணைப்பு ஒரே விதம்தான். மாறும் மாதத்தில் பழைய கூடையின் குறியீட்டைக் கடைசியாக ஒருமுறை போடுங்கள், 108.6 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மாதத்து விலையில் புதிய கூடையின் செலவுகளை எழுதி அதை 100 என்று தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து புதிய கூடை 102 காட்டினால், தொடர்ச்சியான குறியீடு 108.6-ஐ 1.02-ஆல் பெருக்கிய 110.8. மாறும் மாதத்துக்கு இரண்டு கூடைக்கும் விலை இருந்தாக வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் நினைவிலிருந்து எழுதிய விலையில் போட்ட இணைப்பு அதன்பின் வரும் எல்லா மாதத்தையும் தூக்கியோ இறக்கியோ காட்டும்.